எட்டில் மூன்று என்று எழுதிய பிள்ளைக்கு ஏன் பிழை போட்டீர்கள்?



இரண்டு நாளாக நமது ஊர்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்க்காதவர்கள் குறைவு. தரம் 11 பிள்ளை ஒன்றின் கணிதக் கொப்பியில் ஒரு பக்கம். மேலே கையால் எழுதிப் போட்டோக்கொப்பி அடித்து ஒட்டிய ஒரு கேள்வி, கீழே பிள்ளையின் விடை, அதற்கு மேலே சிவப்புப் பேனையால் ஒரு பெரிய பிழை அடையாளம். "இந்தப் புள்ளைக்குப் புள்ளி கொடுக்கலாமா, கூடாதா?" என்று யாரோ ஒரு வாப்பா கேட்கப்போய், நூற்றுக்கு மேல் வொயிஸ் வந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் பிழை போட்டது சரி என்றார்கள். கணிதம் படிப்பிக்கும் நம்மில் இரண்டு மூன்று பேரும் அப்படியே சொன்னதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. அந்த விடை சரி. பிழை போட்டதுதான் பிழை. எந்த வகுப்பு, யார் திருத்தினார் என்பது இங்கே தேவையில்லை. நம்மில் யாரும் திருத்தியிருக்கலாம், பலர் இப்படித்தான் திருத்தியும் இருக்கிறோம்.

முதலில் கேள்வியைப் பாருங்கள். போட்டோவில் தெளிவில்லாததால் அப்படியே எழுதுகிறோம்.

"ஒரு பையில் ஒரே அளவான 5 சிவப்பு நிறப் பந்துகளும் 3 நீல நிறப் பந்துகளும் உள்ளன. எழுமாறாக ஒரு பந்து வெளியே எடுக்கப்பட்டு, அதனை மீள இடாமல் இன்னுமொரு பந்து எடுக்கப்படுகின்றது. (1) இரண்டும் சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது? (2) இரண்டும் ஒரே நிறமாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது? (3) இரண்டாவது பந்து நீலமாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது?"

முதல் இரண்டுக்கும் பிள்ளைக்குச் சரி கிடைத்திருக்கிறது. மூன்றாவதுக்கு 3/8 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு வரியும் எழுதியிருக்கிறது: "8 பந்துக்கும் இரண்டாவதாக வரச் சம வாய்ப்பு, அதில் 3 நீலம்." அதைச் சிவப்பால் வெட்டி, "2ஆம் முறை பகுதி எண் 7, விடை 3/7" என்று எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு புள்ளி போய்விட்டது.

இன்னொரு விடயம். "மீள இடாமல்" என்ற சொற்கள் அந்தத் தாளில் வரிக்குள் இல்லை. எழுதும்போது விடுபட்டு, பிறகு மேலே சின்ன எழுத்தில் செருகப்பட்டிருக்கின்றன. போட்டோவில் அது பாதிதான் தெரிகிறது. குரூப்பில் பாதிச் சண்டை இதனால்தான். ஒரு சாரார் பந்தைத் திருப்பிப் போட்டதாக நினைத்துக்கொண்டு கதைக்கிறார்கள், மற்றச் சாரார் போடவில்லை என்று கதைக்கிறார்கள். கையால் கேள்வி எழுதும் நாம் அந்த இரண்டு சொற்களையும் கோடிட்டு எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் முழுக் கேள்வியும் அதில்தான் தொங்குகிறது.

சரி, பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துத் திருப்பிப் போடாவிட்டால் என்ன நடக்கிறது? பையில் 7 பந்து மிஞ்சுகிறது. இது நிச்சயம், எந்த நிறம் வந்தாலும் 7தான். ஆனால் எந்த 7 என்பது நிச்சயமில்லை. முதல் பந்து சிவப்பு என்றால் மிச்சம் 4 சிவப்பும் 3 நீலமும். முதல் பந்து நீலம் என்றால் மிச்சம் 5 சிவப்பும் 2 நீலமும். ஆகவே இரண்டாவது தடவை கை போடும்போது நமக்கு முன்னால் இருக்கக்கூடியது ஒரு பை அல்ல, இரண்டு விதமான பை. இரண்டாவது எடுப்பு மாறுவதற்குக் காரணம் இவ்வளவுதான். திருப்பிப் போட்டிருந்தால் பை பழையபடி ஆகியிருக்கும், முதல் பந்து எதுவாக இருந்தாலும் இரண்டாவதுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இதை நாம் வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? "புள்ளையள், மீள இடாமல் என்று வந்தால் இரண்டாவதுல ஒன்ற குறைங்க." அவ்வளவுதான். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இதைவிட நீட்டிச் சொல்ல நேரம் இல்லை என்கிறோம். பிள்ளை எதில் ஒன்றைக் குறைக்கும்? மேலேயும் குறைக்கும், கீழேயும் குறைக்கும். சிவப்பு சிவப்பு என்று வந்தால் 5/8 × 4/7, சரி. சிவப்பு நீலம் என்று வந்தாலும் அதே பழக்கத்தில் 5/8 × 2/7 என்று எழுதும். நீலத்தை யாரும் எடுக்கவே இல்லையே, மூன்று நீலமும் பைக்குள்தானே இருக்கிறது என்று அதற்குத் தோன்றாது, ஏனென்றால் அது பையைப் பார்க்கவில்லை, "ஒன்ற குறைங்க" என்ற சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறது. சரியானது 5/8 × 3/7.

இந்தப் பிழையைப் பிள்ளையே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மர வரிப்படத்தில் ஒரு முனையிலிருந்து பிரியும் கிளைகளைக் கூட்டினால் 1 வர வேண்டும். முதல் பந்து சிவப்பான பிறகு 4/7உம் 3/7உம், கூட்டினால் 7/7. பழக்கத்தில் 2/7 போட்ட பிள்ளைக்கு 6/7தான் வரும். மிச்சம் 1/7 எங்கே போனது? எடுக்காத நீலப் பந்து ஒன்றைக் குறைத்ததில் போனது. கடைசி நான்கு விடைகளையும் கூட்டிப் பார்த்தாலும் தெரியும். சரியாகச் செய்தால் சிவப்பு சிவப்பு 20/56, சிவப்பு நீலம் 15/56, நீலம் சிவப்பு 15/56, நீலம் நீலம் 6/56. மொத்தம் 56/56. பிழையாகச் செய்தால் 48/56இல் நின்றுவிடும். (இதனால்தான் இடையில் பின்னங்களைச் சுருக்காதீர்கள் என்று சொல்வது. 6/56ஐ 3/28 ஆக்கிவிட்டால் கூட்டிப் பார்க்கப் பிள்ளைக்குச் சோம்பல் வந்துவிடும்.)

ஆனால் இன்றைய கதை அந்தப் பிழை அல்ல. அதே "ஒன்ற குறைங்க" பழக்கம் திருத்துகிறவர் கையிலும் இருந்திருக்கிறது என்பதுதான் கதை. இரண்டாவது என்ற சொல்லைக் கண்டதும் பகுதி எண் 7 ஆக வேண்டும் என்று பேனை தானாக ஓடிவிட்டது.

மூன்றாவது கேள்வியை மீண்டும் வாசியுங்கள். முதல் பந்து என்ன நிறம் என்று அதில் இருக்கிறதா? இல்லை. "இரண்டாவது பந்து நீலம்", அவ்வளவுதான். முதலாவது சிவப்பாகவும் இருந்திருக்கலாம், நீலமாகவும் இருந்திருக்கலாம். இரண்டு வழியாலும் வந்து சேரலாம். சிவப்பு வழியால் வருவது 5/8 × 3/7, அதாவது 15/56. நீல வழியால் வருவது 3/8 × 2/7, அதாவது 6/56. கூட்டினால் 21/56. இருபத்தொன்றையும் ஐம்பத்தாறையும் 7ஆல் வகுத்துப் பாருங்கள். 3/8. பிள்ளை எழுதியது அதுதான்.

அப்படியானால் சிவப்புப் பேனை எழுதிய 3/7 எங்கிருந்து வந்தது? அது வேறொரு கேள்வியின் விடை. "முதல் பந்து சிவப்பு எனத் தரப்பட்டால், இரண்டாவது நீலமாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது?" என்று கேட்டிருந்தால் 3/7 சரி. அப்படிக் கேட்கப்படவில்லை. முதல் பந்து சிவப்பு என்று திருத்தியவருக்கு யார் சொன்னது? அதே உரிமையில் இன்னொருவர் முதல் பந்து நீலம் என்று எடுத்துக்கொண்டு 2/7 என்று சொல்லலாம். உண்மையில் குரூப்பில் ஒரு சகோதரர் 2/7தான் சரி என்று மிகக் கோபமாக வொயிஸ் போட்டிருந்தார். அவரிடமும் 3/7 சொன்னவரிடமும் ஒரே தவறுதான்: தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டது. முதல் பந்து சிவப்பு என்றால் நீலத்தின் வாய்ப்பு 3/8இலிருந்து 3/7க்குக் கொஞ்சம் ஏறுகிறது. முதல் பந்து நீலம் என்றால் 2/7க்கு இறங்குகிறது. ஏறுவது கொஞ்சம், ஆனால் அது அடிக்கடி நடக்கும், எட்டில் ஐந்து தடவை. இறங்குவது அதிகம், ஆனால் அது எட்டில் மூன்று தடவைதான். இரண்டும் சேர்ந்து சரியாகச் சமப்பட்டு 3/8இலேயே நிற்கிறது.

"அப்படியென்றால் இரண்டாவது எடுப்பு மாறும் என்று இவ்வளவு காலமும் படிப்பித்தது பொய்யா?" என்று ஒரு டீச்சர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பொய்யல்ல. ஆனால் பாதியைத்தான் படிப்பித்திருக்கிறோம்.

இதை வகுப்பில் காட்டுவது லேசு. பந்து வாங்கவும் தேவையில்லை. சோடாப் போத்தல் மூடி போதும், 5 சிவப்பு, 3 நீலம், ஒரே அளவாக இருந்தால் சரி. (தடவிப் பார்த்து நிறம் தெரியக்கூடிய மாதிரி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் கணக்கே கெட்டுவிடும். கேள்வியில் "ஒரே அளவான" என்றும் "எழுமாறாக" என்றும் எழுதுவது அலங்காரத்துக்கு அல்ல.) ஒரு கறுப்புப் பைக்குள் போட்டு, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்காமல் ஒரு மூடியை எடுத்து, கைக்குள்ளேயே பொத்தி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதுவும் பார்க்கக் கூடாது, யாருக்கும் காட்டவும் கூடாது. இப்போது வகுப்பைக் கேளுங்கள்: அடுத்ததாக எடுக்கும் மூடி நீலமாக இருக்க வாய்ப்பு எவ்வளவு?

சத்தம் வரும். "ஏழில மூன்று சேர்", "ஏழில இரண்டு". ஏன் மூன்று, ஏன் இரண்டு என்று கேட்டால் வாயடைத்துப் போவார்கள். அப்போது யாராவது ஒரு பிள்ளை சொல்லும்: "சேர், அவன்ட கையில என்ன இருக்கெண்டு தெரியாதே." அந்த வாக்கியம் வரும் வரைக்கும் காத்திருங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். ஆம், தெரியாது. கைக்குள் ஒன்று, பைக்குள் ஏழு, மொத்தம் எட்டு, எல்லாமே நம் கண்ணுக்கு மறைவு. அடுத்து வெளியே வரப்போகும் மூடி அந்த எட்டில் எதுவாகவும் இருந்திருக்கலாம். எதுவும் மற்றதைவிட முந்தியது இல்லை. எட்டில் மூன்று நீலம். ஆகவே 3/8.

இப்போது கையைத் திறக்கச் சொல்லுங்கள். சிவப்பு. இந்த நொடியில் விடை 3/7 ஆகிவிட்டது. பைக்குள் யாரும் கை போடவில்லை. ஒரு மூடியும் அசையவில்லை. ஆனாலும் விடை மாறிவிட்டது, ஏனென்றால் பைக்குள் எந்த ஏழு இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் இந்த இடத்தில் கொஞ்சம் திகைப்பார்கள். திகைக்கட்டும். நிகழ்தகவு என்பது மூடியில் ஒட்டியிருக்கும் நிறம் போன்ற ஒன்றல்ல, நமக்குத் தெரிந்ததை வைத்து நாம் போடும் அளவு என்பது அப்போதுதான் விளங்குகிறது.

இதே விடயம் நமது உம்மாமாருக்கு நன்றாகவே தெரியும். எட்டுப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். யாருக்கு எந்த மாதம் என்று 1 முதல் 8 வரை துண்டு எழுதி, சுருட்டிப் போட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். எடுத்த துண்டை யாரும் திருப்பிப் போடுவதில்லை, ஆகவே இதுவும் மீள இடாத எடுப்புத்தான். ஒவ்வொரு முறையும் ஒரு சண்டை வரும்: "நான்தான் முதல்ல எடுப்பன், பிந்தினா முதலாம் நம்பர் போயிரும்." முதலில் எடுப்பவருக்கு 1ஆம் துண்டு கிடைக்க வாய்ப்பு 1/8. இரண்டாவது எடுப்பவருக்கு? முதலாமவர் அதை எடுக்காமல் விட வேண்டும், 7/8. பிறகு மிச்சம் ஏழில் இவருக்கு அது வர வேண்டும், 1/7. பெருக்கினால் ஏழும் ஏழும் வெட்டுப்பட்டு 1/8. மூன்றாமவருக்கு 7/8 × 6/7 × 1/6, அதுவும் 1/8. கடைசியாக மிஞ்சிய துண்டை எடுக்கும் மாமிக்கும் 1/8தான். எல்லாரும் எடுத்து முடித்த பிறகு ஒரேயடியாகத் துண்டைத் திறந்தால் ஒரு சண்டையும் வராது. ஒவ்வொருவராகத் திறந்துகொண்டே போனால்தான், முதலாம் நம்பர் வெளியே வந்ததும், பிந்தியவர்களுக்கு அநியாயம் நடந்த மாதிரி இருக்கும். அநியாயம் ஒன்றும் நடக்கவில்லை. கை திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

(குலுக்கல், பந்து எடுப்பது எல்லாம் சூதாட்டம் இல்லையா, இதை ஏன் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீர்கள் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பயணம் போகும்போது யாரைக் கூட்டிப்போவது என்று தம் மனைவியரிடையே சீட்டுக் குலுக்குவார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி. பணயம் வைப்பது வேறு, குலுக்கி எடுப்பது வேறு. இதற்கு மேல் அதை இங்கே நீட்ட வேண்டாம்.)

இனி, நம்மை எதிர்த்து வந்த வாதங்களில் ஒன்று மட்டும் உண்மையிலேயே பதில் சொல்லத் தகுந்தது. ஒரு சேர் சொன்னார்: "3/8 என்று விடை வருவது சரிதான், ஆனால் அந்தப் பிள்ளை மீள இடாமல் என்பதைக் கவனிக்காமல், திருப்பிப் போட்டதாக நினைத்துத்தான் 3/8 எழுதியிருக்கும். தற்செயலாகச் சரி வந்ததுக்குப் புள்ளி கொடுக்கலாமா?" அப்படி எழுதும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. திருப்பிப் போட்டாலும் இந்த மூன்றாவது கேள்விக்கு 3/8தான் வரும், ஆகவே இந்த ஒரு விடையை மட்டும் வைத்துப் பிள்ளை எதை நினைத்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் பக்கத்தைக் கொஞ்சம் மேலே பாருங்கள். முதலாம் கேள்விக்கு அந்தப் பிள்ளை 5/8 × 4/7 என்றுதான் எழுதியிருக்கிறது. திருப்பிப் போட்டதாக நினைத்திருந்தால் 5/8 × 5/8 என்று எழுதி 25/64 எடுத்திருக்கும். இரண்டாவதுக்கு 20/56உம் 6/56உம் கூட்டி 26/56 எடுத்திருக்கிறது. அதுவும் சரி. பந்து பைக்கு வெளியேதான் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே 3/8 எழுதியிருக்கிறது, ஏன் என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறது. அந்த வரியை வாசிக்காமல்தான் வெட்டியிருக்கிறோம். மர வரிப்படம் கீறவில்லை என்பது குற்றமும் இல்லை, கேள்வி அதைக் கீறச் சொல்லவில்லை.

இன்னும் சந்தேகம் உள்ளவர்களுக்காக நெய்யரியைக் கீறிப் பாருங்கள். சதுரக் கோட்டுக் கொப்பியில் எட்டுக்கு எட்டு, 64 கட்டம். பந்துகளுக்குப் பெயர் வையுங்கள்: சி1 முதல் சி5 வரை, நீ1 முதல் நீ3 வரை. இடப்பக்கம் மேலிருந்து கீழே முதல் பந்து, மேற்பக்கம் குறுக்கே இரண்டாவது பந்து. ஒவ்வொரு கட்டமும் நடக்கக்கூடிய ஒரு விளைவு. திருப்பிப் போட்டால் 64ம் நடக்கலாம். திருப்பிப் போடாவிட்டால் எது நடக்க முடியாது? சி1ஐ எடுத்துவிட்டு மறுபடியும் சி1ஐ எடுக்க முடியாது. சி2க்குப் பிறகு சி2 முடியாது. இப்படியே மூலையிலிருந்து மூலைக்கு எட்டுக் கட்டத்தை வெட்டிவிடுங்கள். மிச்சம் 56. பகுதி எண்ணில் 56 வந்தது இதனால்தான். "மீள இடாமல்" என்ற இரண்டு சொல்லும் செய்தது அந்த எட்டுக் கட்டத்தை வெட்டியது மட்டும்தான், வேறொன்றும் செய்யவில்லை.

இப்போது இரண்டாவது பந்து நீலம் என்பதைப் பார்க்க, நீ1, நீ2, நீ3 என்ற மூன்று நிரல்களையும் மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு நிரலிலும் ஒரு கட்டம் வெட்டுப்பட்டு ஏழு மிச்சம். மூன்று ஏழு இருபத்தொன்று. 21/56. சிவப்பு நிரல்களிலும் அதே மாதிரி ஒவ்வொன்று வெட்டுப்பட்டிருக்கிறது. எல்லா நிரலும் சமமாக ஒவ்வொரு கட்டத்தை இழந்ததால், எட்டில் மூன்று பங்கு என்பது அப்படியே இருக்கிறது. பிள்ளை எழுதிய அந்த ஒரு வரி இந்தப் படம்தான்.

அப்படியென்றால் எங்கேதான் மாறுகிறது? வெட்டுப்பட்ட எட்டுக் கட்டமும் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். ஐந்து சிவப்பு சிவப்புப் பகுதிக்குள், மூன்று நீலம் நீலம் பகுதிக்குள். எல்லாமே ஒரே நிறப் பகுதி. வேறு வேறு நிறப் பகுதியில் ஒரு கட்டம்கூட வெட்டுப்படவில்லை. ஆகவே இரண்டாம் கேள்வி பலமாக மாறுகிறது. திருப்பிப் போட்டால் ஒரே நிறம் வருவது 64இல் 34, பாதிக்கு மேல். திருப்பிப் போடாவிட்டால் 56இல் 26, பாதிக்குக் கீழ். பந்தயம் கட்டுகிற ஆளாக இருந்தால், அல்லாஹ் பாதுகாக்கட்டும், "ஒரே நிறம்" பக்கம் இருந்து "வேறு நிறம்" பக்கம் மாறிவிடுவார். அவ்வளவு பெரிய வித்தியாசம். இரண்டாவது பந்தைத் தனியாகக் கேட்டால் மாற்றமில்லை, முதலாவதோடு சேர்த்துக் கேட்டால் மாற்றம். முதலாவதைக் காட்டிவிட்டுக் கேட்டாலும் மாற்றம்.

இரண்டு பந்தையும் ஒரே தடவையில் எடுத்தால் என்ன என்று கேட்டவருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒரே கையில் ஒரே பந்து இரண்டு தடவை வராது, ஆகவே அதுவும் மீள இடாத கணக்குத்தான். ஒரே நிறமாக இருக்க அதே 26/56. ஆனால் அப்போது "இரண்டாவது பந்து" என்று ஒன்று இல்லாததால் மூன்றாம் கேள்வியைக் கேட்க முடியாது.

எட்டுக்குப் பதிலாகப் பைக்குள் எண்ணாயிரம் பந்து இருந்தால், ஐயாயிரம் சிவப்பு, மூவாயிரம் நீலம், ஒன்றைத் திருப்பிப் போடாததால் வரும் மாற்றம் தசமத்தில் நான்காம் ஐந்தாம் இடத்தில்தான் தெரியும். அந்தளவு பெரிய பைக்குத் திருப்பிப் போட்டது போலக் கணக்குப் பார்த்தாலும் பெரிய பிழை வராது. பரீட்சைக் கேள்வியில் பை எப்போதும் சின்னதாக இருப்பது மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆசிரியர் கலாசாலையில் நிகழ்தகவுப் பாடத்தைப் பொருளைக் காட்டித் தொடங்குங்கள், சூத்திரத்தைக் கடைசியில் சொல்லுங்கள் என்று நமக்குச் சொல்லித்தான் அனுப்பினார்கள். வகுப்புக்கு வந்து கடந்தகால வினாத்தாள் கட்டைக் கையில் எடுத்ததும் அதை மறந்துவிட்டோம். மூடியும் பையும் தேடுவதைவிட "ஒன்ற குறைங்க" என்று சொல்வது லேசு. அதன் விலையை இப்போது ஒரு பிள்ளை கட்டுகிறது. குரூப்பில் நாலு பேர், கணிதம் படிப்பிக்கிறவர்கள் உட்பட, "புள்ளைக்குத் தலைக்கனம்" என்றும் எழுதியிருந்தார்கள். தன் விடைக்குக் காரணம் எழுதியது தலைக்கனமா? கேட்காத சிவப்புப் பந்தை நாமாகக் கற்பனை செய்து, அதை வைத்து ஒரு பிள்ளையின் விடையை வெட்டியதற்கு என்ன பெயர்?

நாம் கேட்பது மூன்றே விடயம். அந்தப் பிள்ளையின் இரண்டு புள்ளியையும் அதே சிவப்புப் பேனையால் திருப்பிப் போடுங்கள், பிள்ளைக்கு முன்னால் வைத்து. அதே தாளை எழுதிய மற்றப் பிள்ளைகளின் மூன்றாம் விடையையும் ஒருமுறை பாருங்கள். 3/7 எழுதிச் சரி வாங்கிய பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்குப் புள்ளியைக் குறைக்க வேண்டாம், ஆனால் கையைப் பொத்திக் காட்டுங்கள். அடுத்த தடவை கையால் கேள்வி எழுதும்போது "மீள இடாமல்" என்பதை வரிக்குள் எழுதி, அடிக்கோடு போடுங்கள்.

கொமென்ட்டில் இன்னும் 3/7 என்று எழுத நினைக்கிறவர்கள் தயவுசெய்து முதலில் அந்த எட்டுக்கு எட்டைக் கீறி, எட்டுக் கட்டத்தை வெட்டி, மிச்சத்தை எண்ணிவிட்டு, கொப்பியைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்துக் கதைப்போம், இன்ஷா அல்லாஹ்.